சோடியம் 134 தானே என்று விட்டுவிடாதீர்கள்: சர்க்கரை ஆயிரத்தைத் தாண்டும்போது போட வேண்டிய கணக்கு

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 68, எடை 60 கிலோ. நான்கு நாளாக ஓயாமல் சிறுநீர் போயிருக்கிறது. நாக்கு வறண்டு கிடக்கிறது, ரத்த அழுத்தம் 90/60. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். லேப் ரிப்போர்ட் வருகிறது: குளுக்கோஸ் 1080 மி.கி./டெ.லி., சோடியம் 134.

1080ஐப் பார்த்ததும் எல்லோரும் பரபரப்பாகிவிடுவார்கள். 134ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இயல்பின் கீழ் எல்லை 135, ஒன்றுதானே குறைவு என்று பார்வை அடுத்த வரிக்குப் போய்விடும். இவர் உடலில் உப்போடு ஒப்பிட்டால் தண்ணீர் கடுமையாக வற்றிப் போயிருக்கிறது. அதை அந்த 134 மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவரும் கணக்குதான் திருத்திய சோடியம். அதை எப்படிப் போடுவது, எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தவே கூடாது என்பதை இதே நோயாளியை வைத்துப் பார்ப்போம். இது மருத்துவமனைக்குள் பணிபுரியத் தொடங்கியிருப்பவர்களுக்கானது. உங்கள் வார்டின் நடைமுறைத் தாளும் மூத்த மருத்துவரின் சொல்லும்தான் முதலில்.

சோடியம் ஏன் குறைந்து தெரிகிறது

இன்சுலின் போதாதபோது குளுக்கோஸ் தசைச் செல்களுக்குள்ளும் கொழுப்புச் செல்களுக்குள்ளும் போக முடியாமல் வெளியே ரத்தத்திலேயே தேங்குகிறது. தேங்கிய குளுக்கோஸ் செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. வெளியே இருந்த சோடியத்தின் அளவு மாறவில்லை, அது கரைந்திருக்கும் தண்ணீர் மட்டும் கூடிவிட்டது. ஆகவே ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்தால் எண் குறைகிறது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் போட்ட உப்பு போட்டபடி இருக்க, நாக்குக்கு மட்டும் உப்பு குறைந்தது போலத் தெரியுமே, அதே கதைதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாத அளவுக்குக் குளுக்கோஸ் வடிந்து, போகும் வழியில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சிறுநீரில் சோடியம் இருக்கும். ஆனால் ரத்தத்தில் இருக்கும் செறிவை விட மிகக் குறைவாக இருக்கும். அதாவது உப்பும் போகிறது, அதை விட அதிகமாகத் தண்ணீர் போகிறது. நாள்கணக்கில் இப்படி நடந்தால் ரத்தச் சோடியம் ஏற வேண்டும்.

ஆக, ஒரு விசை எண்ணைக் கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. நீங்கள் ரிப்போர்ட்டில் பார்ப்பது இந்த இழுபறியின் முடிவு. குளுக்கோஸ் 1080 இருக்கும்போது சோடியம் 134 என்றால், முதல் விசை மட்டும் இருந்திருந்தால் அது 120ஐ ஒட்டி இறங்கியிருக்கும். அப்படி இறங்கவில்லை என்பதே தண்ணீர் எவ்வளவு போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

கணக்குக்கு முன்: எண் நம்பத் தகுந்ததா?

மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரைத் தொடுங்கள்.

ரத்தம் எந்தக் கையில் எடுத்தது? டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப் ஓடும் கையில் ஊசிக்கு மேலே எடுத்திருந்தால் குளுக்கோஸ் எகிறும், சோடியமும் பொட்டாசியமும் நீர்த்துப்போய் இறங்கும். பார்க்க அச்சு அசல் சர்க்கரை அவசரநிலை போலவே இருக்கும். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்க, ரிப்போர்ட் மட்டும் பயங்கரமாக இருந்தால் மறு கையில் இன்னொரு சாம்பிள் எடுங்கள்.

குளுக்கோஸ் எந்த அலகில் இருக்கிறது? மில்லிமோலில் வந்திருந்தால் 18ஆல் பெருக்கினால் மி.கி./டெ.லி. கிடைக்கும். 60 மில்லிமோல் என்றால் 1080. விரலில் குத்திப் பார்க்கும் கருவி எண்ணுக்குப் பதிலாக HI என்று காட்டினால் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. பல கருவிகளில் அதற்குப் பொருள் 600க்கு மேல் என்பதுதான். அது 620ஆகவும் இருக்கலாம், 1200ஆகவும் இருக்கலாம். லேப் எண் வரட்டும்.

சீரம் பால் போல வெளுத்திருக்கிறது என்று லேப்காரர் சொன்னாரா? இன்சுலின் இல்லாத நிலையில் டிரைகிளிசரைடு மிக அதிகமாக ஏறும் நோயாளிகள் உண்டு. பெரிய லேப் இயந்திரங்கள் பலவும் சாம்பிளை நீர்க்கச் செய்துதான் சோடியத்தை அளக்கின்றன. கொழுப்பு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அவை சோடியத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்த வாயு இயந்திரம் நீர்க்கச் செய்யாமல் நேராக அளப்பதால் அதில் இந்தப் பிழை வராது. சந்தேகம் வந்தால் அதில் ஒரு முறை பாருங்கள். எதில் பார்த்தாலும் அடுத்தடுத்த மணி நேரங்களில் அதே இயந்திரத்திலேயே பாருங்கள். ஒன்று லேப் எண், அடுத்தது வாயு இயந்திர எண் என்று மாறி மாறி எழுதினால், இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் இயந்திரத்தால் வந்ததா நோயாளியால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும்.

கணக்கு

```
Corrected Na = Na + 1.6 × (Glucose − 100) / 100
```

இயல்பான குளுக்கோசாக 100ஐ வைத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நூறுக்கும் சோடியத்தில் 1.6 கூட்டுகிறோம். நம் நோயாளிக்கு 1080இல் 100 போனால் 980. அதில் 9.8 நூறுகள். 9.8ஐ 1.6ஆல் பெருக்கினால் 15.7. அதை 134உடன் கூட்டினால் 149.7, அதாவது ஏறத்தாழ 150.

இந்த 1.6 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சில வார்டுகளில் 2.4 என்று எழுதி வைத்திருப்பார்கள். 1.6 என்பது 1973இல் கேட்ஸ் என்பவர் தாளில் போட்ட கணக்கு. செல்லுக்குள் எவ்வளவு தண்ணீர், வெளியே எவ்வளவு என்று சில அனுமானங்களை வைத்துப் பெற்ற எண் அது. 1999இல் ஹில்லியரும் சக ஆய்வாளர்களும் ஆரோக்கியமான ஆறு பேரிடம் இன்சுலின் சுரப்பை மருந்தால் நிறுத்திவைத்து, குளுக்கோசை ஏற்றி, சோடியம் எவ்வளவு இறங்குகிறது என்று நேரிலேயே அளந்தார்கள். சராசரி 2.4 வந்தது. குளுக்கோஸ் 400 வரை பழைய 1.6 ஓரளவு பொருந்தியது, அதற்கு மேல் போனபோது சரிவு செங்குத்தாகியது.

2.4 வைத்தால் நம் நோயாளியின் திருத்திய சோடியம் 157.5. ஒன்று 150, மற்றது 158. எது சரி என்று சண்டை போட வேண்டாம். குளுக்கோஸ் 400க்குள் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 2.4தான், முடிவு பெரும்பாலும் மாறாது. ஆயிரத்தைத் தொடும்போது எட்டு வரை விலகும். அப்போது இரண்டையும் எழுதி, உண்மை இந்த இடைவெளியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது வேறொன்று: முதல் மணியில் எந்த எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டீர்களோ, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரவு டியூட்டி 1.6, பகல் டியூட்டி 2.4 என்று மாறினால், நோயாளியிடம் எதுவும் நடக்காமலே கேஸ் ஷீட்டில் சோடியம் எட்டு ஏறிவிடும்.

எதற்கு எந்தச் சோடியம்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. திருத்திய சோடியத்தைக் கற்றுக்கொண்டதும், அதுதான் உண்மையான சோடியம் என்று நினைத்து எல்லாச் சூத்திரத்திலும் அதையே போட ஆரம்பிப்பார்கள். அது தவறு. திருத்திய சோடியம் இப்போது ரத்தத்தில் இருக்கும் எண் அல்ல. தண்ணீர் ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் நூறுக்கு இறங்கிவிட்டால் சோடியம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லும் எண்.

இந்த நிமிடத்தில் மூளைச் செல்களைச் சுருங்க வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், இப்போது ரத்தத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அளந்த சோடியமே வேண்டும்:

```
Effective osmolality = 2 × Na + Glucose / 18
```

2 × 134 = 268. 1080ஐ 18ஆல் வகுத்தால் 60. மொத்தம் 328. 320க்கு மேல் இருப்பதால் இவருடைய மயக்கநிலைக்கு இது ஒன்றே போதுமான காரணம். இதே மயக்கத்தோடு 300 வந்திருந்தால் சர்க்கரை மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், மருந்து நச்சு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

இங்கே திருத்திய 150ஐப் போட்டால் 2 × 150 + 60 = 360 என்று வரும். குளுக்கோசை ஒரு முறை 60 என்று கூட்டினோம், சோடியத்துக்குள் ஒளித்து இன்னொரு முறை கூட்டினோம். ஒரே கடனை இரண்டு முறை வசூலித்த கணக்கு.

அயனி இடைவெளியிலும் அளந்த சோடியம்தான். இவருக்குக் குளோரைடு 100, பைகார்பனேட் 22. 134இல் இரண்டையும் கழித்தால் 12, அமிலம் சேரவில்லை. 150ஐப் போட்டால் 28 வந்து, இல்லாத கீட்டோஅசிடோசிசுக்குச் சிகிச்சை தொடங்கிவிடும். செல்லிலிருந்து வந்த தண்ணீர் சோடியத்தை மட்டும் நீர்க்கச் செய்யவில்லை, குளோரைடையும் பைகார்பனேட்டையும் சேர்த்துத்தான் நீர்க்கச் செய்தது. ஒன்றை மட்டும் திருத்தினால் தராசு சாயும்.

திருத்திய சோடியத்துக்கு இரண்டே வேலைகள். முதல் சலைனுக்குப் பிறகு எந்தத் திரவம் என்று முடிவு செய்வது ஒன்று, சிகிச்சை சரியான பாதையில் போகிறதா என்று மணிக்கு மணி பார்ப்பது மற்றொன்று.

திரவம் தேர்ந்தெடுப்பது

முதல் மணி நேரத்துக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. ரத்த அழுத்தம் 90/60 இருக்கும் ஒருவருக்கு முதலில் ரத்தக் குழாய் நிரம்ப வேண்டும். 0.9% சலைன், முதல் மணியில் 1 லிட்டர். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் சின்னச் சின்ன அளவாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டபடி போக வேண்டும். சோடியம் அதிகம் என்று தெரிந்த பிறகும் சலைனா என்று தயங்க வேண்டாம். 0.9% சலைனில் லிட்டருக்குச் சோடியம் 154, குளுக்கோஸ் எதுவும் இல்லை. 328 இருக்கும் இவருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டால் 308 இருக்கும் அந்தப் பாட்டில் நீர்த்ததுதான்.

அழுத்தம் தேறி, சிறுநீர் வர ஆரம்பித்ததும் கணக்கை எடுங்கள். திருத்திய சோடியம் 135க்குக் கீழே இருந்தால் 0.9% தொடரட்டும். இயல்பாகவோ அதிகமாகவோ இருந்தால் 0.45% சலைன், மணிக்கு 250 முதல் 500 மி.லி. வரை. இது பரவலாகக் கைக்கொள்ளப்படும் வழி. இன்னொரு வழியும் உண்டு: 0.9% சலைனையே தொடர்ந்து, ஆஸ்மோலாலிட்டி மணிக்கு 3 முதல் 8 வரை இறங்குகிறதா என்று பார்த்து, திரவம் போதுமான அளவு உள்ளே போயும் இறங்கவில்லை என்றால் மட்டும் 0.45%க்கு மாறுவது. வயதானவர்களிடம் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அவசரப்பட்டு நீர்த்த திரவத்தை ஊற்றும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் இரண்டு வழியிலும் எண்களைத் தொடர்ந்து எழுதாமல் வேலை நடக்காது.

இன்சுலின் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பொட்டாசியம் எண் கைக்கு வராமல் தொடங்காதீர்கள். 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும், ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியத்தை ட்ரிப்பில் சேர்க்கும்போது அதையும் சோடியம் போலவே எண்ணிக்கொள்ளுங்கள். 0.45% சலைனில் சோடியம் 77, அதில் லிட்டருக்கு 40 பொட்டாசியம் சேர்த்தால் மொத்தம் 117. நினைத்த அளவுக்கு அது நீர்த்த திரவம் இல்லை. சோடியம் ஏன் இறங்கவில்லை என்று தேடும்போது இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டு மணி நேரம்

கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் போட்டு இப்படி எழுதுங்கள். திருத்திய சோடியத்தில் முதல் எண் 1.6 வைத்தது, இரண்டாவது 2.4 வைத்தது.

| மணி | குளுக்கோஸ் | அளந்த சோடியம் | திருத்திய சோடியம் | ஆஸ்மோலாலிட்டி |
|---|---|---|---|---|
| 0 | 1080 | 134 | 150 / 158 | 328 |
| 4 | 810 | 139 | 150 / 156 | 323 |
| 8 | 540 | 141 | 148 / 152 | 312 |
| 12 | 300 | 144 | 147 / 149 | 305 |

நான்காவது மணியில் நில்லுங்கள். அளந்த சோடியம் 134இலிருந்து 139 ஆகிவிட்டது. கட்டம் இல்லாமல் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பவர் "சலைன் கொடுத்துச் சோடியத்தை ஏற்றிவிட்டோம்" என்று பதறி ட்ரிப்பை நிறுத்தச் சொல்வார். இல்லை. குளுக்கோஸ் 270 இறங்கியிருக்கிறது. அப்படியானால் சோடியம் 4.3 முதல் 6.5 வரை ஏற வேண்டும், 5 ஏறியிருக்கிறது. இழுத்துப் பிடித்திருந்த தண்ணீர் செல்லுக்குத் திரும்பிப் போகிறது என்பதுதான் இதன் பொருள். திருத்திய சோடியம் அசையவில்லை, ஆஸ்மோலாலிட்டி இறங்கியிருக்கிறது, நோயாளி மோசமாகவில்லை.

ஆனால் ஆஸ்மோலாலிட்டி நான்கு மணி நேரத்தில் 5தான் இறங்கியிருக்கிறது, மணிக்கு ஒன்றை விடச் சற்று அதிகம். உள்ளே போன திரவத்தையும் வெளியே வந்த சிறுநீரையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. 3 லிட்டர் உள்ளே, 1.4 லிட்டர் வெளியே, ரத்த அழுத்தம் 118/70 என்றால் குழாய் நிரம்பிவிட்டது, குறை தண்ணீரில்தான். இங்கே 0.45%க்கு மாறுகிறோம், மணிக்கு 300 மி.லி. உள்ளே போனதே போதாது என்று கணக்கு காட்டியிருந்தால் திரவத்தை மாற்றாமல் அளவை மட்டும் கூட்டியிருப்போம். பொட்டாசியம் 4.2 என்பதால் இன்சுலின் மணிக்கு 3 யூனிட், கிலோவுக்கு 0.05 என்ற கணக்கில் ஓடுகிறது.

எட்டாவது மணியில் குளுக்கோஸ் இன்னொரு 270 இறங்கியும் அளந்த சோடியம் 2 மட்டுமே ஏறியிருக்கிறது. எதிர்பார்த்த 4.3ஐ விடக் குறைவு. அந்த வித்தியாசம் நாம் கொடுத்த தண்ணீர். திருத்திய சோடியம் 150இலிருந்து 148, ஆஸ்மோலாலிட்டி மணிக்கு மூன்றை ஒட்டி இறங்குகிறது. நோயாளி இப்போது பேர் சொல்கிறார்.

பன்னிரண்டாவது மணியில் குளுக்கோஸ் 300. இனிமேல் குளுக்கோஸ் வேகமாக விழக் கூடாது, ட்ரிப்பில் 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து இன்சுலினையும் குறைக்கிறோம். அட்டவணையின் நான்காவது நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். எட்டு புள்ளி விலகி நின்ற இரண்டு சூத்திரங்களும் இப்போது 147, 149 என்று கிட்ட வந்துவிட்டன.

திருத்திய சோடியம் வேகமாக விழுந்தால்

ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் விழுவதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். கீட்டோஅசிடோசிசில் வரும் குழந்தையிடம் இது நேர்மாறு.

பத்து வயதுக் குழந்தை, வரும்போது குளுக்கோஸ் 540, சோடியம் 134. திருத்தினால் 141. ஆஸ்மோலாலிட்டி 298. ஆறு மணி நேரம் கழித்துக் குளுக்கோஸ் 270, சோடியம் 133. கட்டம் போடாமல் பார்த்தால் சர்க்கரை அழகாகப் பாதியாகிவிட்டது, சோடியமும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் திருத்திய சோடியம் 141இலிருந்து 136க்கு வந்திருக்கிறது, ஆஸ்மோலாலிட்டி 298இலிருந்து 281. குளுக்கோஸ் அவ்வளவு இறங்கியபோது அளந்த சோடியம் 138ஐ ஒட்டி ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் நின்றதுதான் எச்சரிக்கை. செல்களுக்கு வெளியே அழுத்தம் குறைந்து, தண்ணீர் மூளைச் செல்களுக்குள் நுழைந்துகொண்டிருக்கலாம்.

இந்த நிலையில் குழந்தைக்குத் தலைவலி, மறுபடி வாந்தி, எரிச்சல், தூக்கக் கலக்கம், நாடித்துடிப்பு மெதுவாவது, ரத்த அழுத்தம் ஏறுவது என்று எது தெரிந்தாலும் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் மூத்தவரை அழைத்து மூளை வீக்கத்துக்கான சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மானிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், அல்லது 3% சலைன் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.லி. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் இப்படிப் போனால் ட்ரிப்பில் சோடியத்தின் செறிவைக் கூட்டுவது பற்றி மூத்தவரோடு பேசுங்கள், மணிக்கொரு முறை நினைவுநிலையைப் பாருங்கள், மருந்தை எடுத்துப் படுக்கை ஓரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பிறகும் குறைவாக இருந்தால்

குளுக்கோஸ் 600, சோடியம் 120 என்று ஒருவர் வருகிறார். 5 × 1.6 = 8 கூட்டினால் 128. இப்போது குளுக்கோஸ் மீது முழுப் பழியையும் போட முடியாது. உண்மையிலேயே சோடியம் குறைவு: கடுமையான வாந்தி, தையசைடு மாத்திரை, தாகத்துக்கு வெறும் தண்ணீரை ஓயாமல் குடித்தது, அட்ரினல் கோளாறு என்று காரணம் தேட வேண்டும். திரவம் 0.9% சலைன்தான்.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு பெரிய தவறு நடக்கும். குளுக்கோஸ் 1000, சோடியம் 125 என்ற ரிப்போர்ட்டில் 125ஐ மட்டும் பார்த்து, மயக்கத்துக்குக் காரணம் சோடியம் குறைவு என்று முடிவு கட்டி 3% சலைனை ஏற்றுவது. திருத்தினால் அது 139. ஆஸ்மோலாலிட்டி 306, ஏற்கெனவே இயல்புக்கு மேல். அங்கே உப்பை ஏற்றினால், சுருங்கிய மூளைச் செல்களை இன்னும் பிழிகிறோம். குளுக்கோஸ் இறங்க இறங்கச் சோடியம் தானாகவே ஏறும், நாம் ஏற்றியதும் அதோடு சேரும்.

எப்போது நிறுத்துவது

குளுக்கோஸ் 200க்குக் கீழே வந்துவிட்டால் திருத்தம் 1.6ஐத் தாண்டாது. இயந்திரத்தின் சொந்தப் பிழையே அந்த அளவுக்கு இருக்கும் என்பதால் கணக்கை அங்கே நிறுத்திவிடலாம். அதன் பிறகு ரிப்போர்ட்டில் வரும் எண்தான் சோடியம். நம் நோயாளிக்கு அப்போதும் 146 இருந்தால் அது வெறும் தண்ணீர்க் குறை. அதை ஒரே இரவில் 140க்குக் கொண்டுவர முயல வேண்டாம், 24 மணி நேரத்தில் 10க்கு மேல் இறங்கக் கூடாது. ஒரு ஸ்பூன் தண்ணீரை இருமாமல் விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வாய்வழியாகக் கொடுக்க ஆரம்பியுங்கள். தாகம் திரும்பிய நோயாளி மிச்சத்தைத் தானே குடித்துச் சரிசெய்துகொள்வார்.